முதல் சந்திப்புக்கு மூன்றரை நிமிட வரவேற்புரை: வரைவு முதல் வட்டம் தொடங்கும் வரை

கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷின்களின் ப்ரோகிராமர்கள், செட்டர்கள், ஆபரேட்டர்கள் கோவையில் முதன்முறையாக ஒன்றுகூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்கு வரவேற்புரை தயாரித்த முறை இது. இடம், சுமார் முப்பது பேர் உட்காரக்கூடிய ஒரு அறை. எதிர்பார்த்தது 28 பேர். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ எனப் பல பக்கத்து ஜாப் ஒர்க் பட்டறைகளிலிருந்து வருகிறவர்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள்தான் பாதிக்கு மேல். மீதிப் பேர் ஒரே வாடிக்கையாளருக்கு விலை கொடுத்துப் போட்டி போடும் பட்டறைகளைச் சேர்ந்தவர்கள். ஓரிரு முதலாளிகளும் வருவார்கள். அவர்களிடம் வேலை பார்த்துவிட்டு விலகிய ஆட்களும் அதே அறையில் இருப்பார்கள். உரை எழுதும்போது இந்தக் கூட்டத்தைக் கண் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வரைவு வழக்கமான மேடைப் பேச்சாகத்தான் வந்தது. "மதிப்பிற்குரிய", "பெருமதிப்பிற்குரிய" என்று ஐந்து "அவர்களே", பிறகு கோவையின் தொழில் வரலாறு, சந்திப்பின் நோக்கம், நன்றி. கடிகாரம் வைத்துப் படித்தபோது 7 நிமிடம் 10 விநாடி ஓடியது. நீளத்தைக் குறைப்பது எளிது. ஆனால் அதன் அடிப்படையே பிழையாக இருந்தது. நம் ஊரில் "அவர்களே" என்று இரண்டு பேரை விளித்த உடனேயே அறை இரண்டாகப் பிரிந்துவிடும்: விளிக்கப்பட்டவர்கள், விளிக்கப்படாதவர்கள். விளிக்கப்படாதவர் கையைக் கட்டிக்கொண்டு பார்வையாளராகிவிடுவார். அதன் பிறகு "நீங்களும் பேசுங்கள்" என்று எத்தனை முறை கேட்டாலும் அவர் வாய் திறக்க மாட்டார், ஏனென்றால் கூட்டம் எப்படிப்பட்டது என்பது முதல் அரை நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. குத்துவிளக்கு, பொன்னாடை, மேடையில் நாற்காலி எல்லாவற்றுக்கும் இதே விளைவுதான். அவற்றுக்கு உரிய விழாக்கள் இருக்கின்றன. வேலைக்காரர்கள் வேலையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் முதல் சந்திப்பு அந்த வகை அல்ல. எனவே விளிப்புகள் மொத்தமும் போயின. நன்றி சொல்வதைக் கடைசிக்குத் தள்ளினோம். அறை கொடுத்தவருக்கு மட்டும் சந்திப்பு முடியும்போது ஒரே வாக்கியம். அவரும் ஒரு பட்டறை உரிமையாளர் என்பதால், தொடக்கத்தில் அவரைப் புகழ்ந்தால் இது அவர் நடத்தும் கூட்டம் என்று மற்றப் பட்டறைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் வரைவு வேறு இடத்தில் தொடங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற ஒரு ஆபரேட்டரின் மனதில் என்னென்ன கேள்வி ஓடும் என்று எழுதிப் பார்த்தோம். இது யூனியனா? காசு கேட்பார்களா? யாராவது டூல் விற்க வந்திருக்கிறார்களா? நான் இங்கே வந்தது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை தேடுகிறேன் என்று நினைப்பாரா? எனக்குத் தெரியாததைக் கேட்டால் சிரிப்பார்களா? எத்தனை மணிக்கு விடுவார்கள்? உரையில் வரும் ஒவ்வொரு வாக்கியமும் இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பதிலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதை அடித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டோம். தொழில் வரலாறு அப்படித்தான் வெளியே போனது. கோவைக்காரருக்குக் கோவையில் பட்டறைகள் உண்டு என்று சொல்லத் தேவையில்லை.

எழுதுவதில் கடினமாக இருந்தது ஆள் எடுப்பு பற்றிய வரி. நல்ல ப்ரோகிராமர் கிடைப்பது கஷ்டம் என்பதால் முதலாளிக்கு ஆள் போய்விடுமோ என்ற பயம் உண்மையாகவே இருக்கிறது. அதைப் போக்க முதலில் எழுதிய வரி: "இங்கே யாரும் யாருடைய ஆளையும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது." நான்கு பேர் முன்னால் படித்துக் காட்டியபோதே முகங்கள் இறுகின. தடை போட்டதும், இங்கே அது நடக்கப் போகிறது என்ற எண்ணம் அதுவரை இல்லாதவருக்கும் வந்துவிடுகிறது. தவிர, "யாருடைய ஆள்" என்ற சொல் ஆபரேட்டரைப் பட்டறையின் உடைமையாக்கிவிடுகிறது. அதையே அவர் பக்கத்திலிருந்து திருப்பி எழுதினோம்: "இங்க வந்திருக்கிறதால யாரும் வேலை தேடறாங்கன்னு அர்த்தம் இல்லைங்க." அதைத் தொடர்ந்து, வேலை பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்கு ஒரு நேரமும் இடமும். முதலாளி கேட்க விரும்பியதும் அதில் இருக்கிறது, ஆபரேட்டருக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்லவில்லை.

டிராயிங் பற்றிய வரியிலும் இதே வேலை. பிரச்சனையை விளக்க வேண்டுமென்றால் போனை எடுத்து டிராயிங்கைக் காட்டுவதுதான் இவர்களின் பழக்கம். டிராயிங்கின் கீழ் மூலைக் கட்டத்தில் வாடிக்கையாளரின் பெயரும் பார்ட் நம்பரும் இருக்கும். அந்த மூலையை மறைத்தாலும் பயனில்லை. அதே பாகத்துக்கு விலை கொடுத்த இன்னொரு பட்டறைக்காரர் உருவத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "காட்ட வேண்டாம்" என்பதோடு நிறுத்தினால் பேச்சே நின்றுவிடும். அதனால் மாற்று வழியையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்: பிரச்சனை உள்ள இடத்தை மட்டும் வெள்ளைப் பலகையில் கையால் வரையலாம். இந்த வரியைச் சொல்லப் போகிறோம் என்றால் மார்க்கர் நிஜமாகவே எழுத வேண்டும். முன்தினமே புது மார்க்கர் மூன்று, ஒரு டஸ்டர் வாங்கிப் பலகையடியில் வைத்துவிட வேண்டும்.

அடுத்து, எல்லாரையும் ஒரே கூட்டமாக உணர வைக்கும் ஒரு வரி வேண்டியிருந்தது. பொதுவான நகைச்சுவைத் துணுக்கு இதற்கு உதவாது. எந்தக் கூட்டத்திலும் சொல்லக்கூடியது இந்தக் கூட்டத்தைச் சேர்க்காது. தொழிலில் இருப்பவருக்கு மட்டும் புரிகிற ஒன்றைத் தேடினோம். அது இதுதான்:

```
G00 X50. Z2.
G00 X50 Z2.
```

மெஷினை இயக்கும் ஃபானுக் கன்ட்ரோலில் வழக்கமான செட்டிங்கில், 50-க்குப் பின்னால் புள்ளி இல்லாவிட்டால் அதை 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும், அதாவது 0.050 மி.மீ. லேத்தில் விட்டம் 50-ல் போய் நிற்க வேண்டிய டூல், ரேப்பிட் என்கிற முழு வேகத்தில் கிட்டத்தட்ட மையம் வரை பாயும். வெட்டும் முனையான இன்செர்ட் போகும், சில சமயம் டூல்களைத் தாங்கும் டரட்டே நகர்ந்துவிடும். இந்த வேலையில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் இதைச் செய்திருப்பார், அல்லது பக்கத்து மெஷினில் நடந்த சத்தத்தையாவது கேட்டிருப்பார். உரையில் இதை விளக்கவே கூடாது. பாதி சொல்லி நிறுத்த வேண்டும். விளக்கினால், தெரியாதவர்களுக்குப் பாடம் எடுப்பதாக ஆகிவிடும். நிறுத்தினால், "தெரியும்" என்கிற சிரிப்பு அறை முழுக்க ஒரே நேரத்தில் வரும். வேறு கன்ட்ரோலில் வேலை செய்கிறவர்களுக்கும் இந்தக் கதை தெரியும் என்பதால் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

மூன்றாம் வரைவில் நிலைத்த உரை கீழே. எழுத்துத் தமிழில் எழுதிவிட்டு மேடையில் பேச்சாக மாற்றலாம் என்று நினைத்தால் நடக்காது. "வந்திருக்கிறீர்கள்" என்று தாளில் இருந்தால் படபடப்பில் வாயும் அதையே சொல்லும். பேசப்போகிற ஓசையிலேயே எழுத வேண்டும்.

> வாங்க, வணக்கமுங்க. டீ கையில இருக்கிறவங்க குடிச்சுக்கிட்டே கேளுங்க. என் பேரு ……
>
> சிஎன்சி ப்ரோகிராம் போடறவங்க, செட்டிங் பண்றவங்க, மெஷின் ஓட்டறவங்க எல்லாம் ஒரு இடத்துல உட்கார்ந்து நம்ம வேலையைப் பத்திப் பேசிக்கலாம்னு கூடியிருக்கோம். இது சங்கம் இல்லைங்க. தலைவர் கிடையாது, சந்தா கிடையாது, எதையும் விக்கறதுக்கு யாரும் வரல.
>
> நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தவங்க இருப்பீங்க. நடுவுல கிளம்பணும்னா கிளம்புங்க, யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லை.
>
> X50-க்குப் பின்னாடி புள்ளி வைக்க மறந்தா என்ன ஆகும்… (நிறுத்தம்) பாருங்க, நான் சொல்லவே இல்லை, எல்லாரும் சிரிக்கறீங்க. இதை வீட்டுல சொன்னா யாருக்கும் புரியாது. இங்க சொன்னாப் புரியும். அதுக்குத்தான் இந்த ரெண்டு மணி நேரம்.
>
> சேர்ந்து ஆறு மாசம் ஆனவங்களும் இருக்கீங்க, இருபது வருஷம் பார்த்தவங்களும் இருக்கீங்க. இதைப் போய் கேக்கறதான்னு நினைக்காதீங்க. ஆஃப்செட் எப்படி எடுக்கறதுன்னு கேட்டாக்கூட உட்கார்ந்து சொல்லித் தர ஆள் இருக்குதுங்க.
>
> ரெண்டே விஷயம் கேட்டுக்கறோம். ஒண்ணு, கம்பெனி டிராயிங்கைப் போன்ல காட்ட வேண்டாங்க. அது நம்முது இல்ல, கஸ்டமரோடது. எந்த இடம் படுத்துதோ அந்த இடத்தை மட்டும் போர்டுல வரைஞ்சு காட்டுங்க, மார்க்கர் இருக்குது. ரெண்டு, இங்க வந்திருக்கிறதால யாரும் வேலை தேடறாங்கன்னு அர்த்தம் இல்லைங்க. வேலை விஷயம் பேசணும்னா பன்னெண்டரைக்கு மேல வெளிய பேசிக்கலாம்.
>
> பன்னெண்டரைக்குக் கண்டிப்பா முடிச்சிருவோம். பாத்ரூம் வெளிய போய் இடது பக்கம். கடைசில ஒரு போட்டோ எடுப்போம். வேண்டாம்னு இருக்கிறவங்க அந்த நேரம் டீ பக்கம் போயிருங்க, ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க.
>
> இப்ப ஒரு சுத்து எல்லாரும் பேசலாம். பேரு, எந்த மெஷின் எந்த கன்ட்ரோல், இந்த மாசம் உங்களைப் படுத்தின ஒரு வேலை. கம்பெனி பேரு சொல்ல வேண்டியதில்லை. முதல்ல நான் சொல்றேன். ஃபானுக் கன்ட்ரோல், டர்னிங் சென்டர். எஸ்எஸ் 304-ல ஒரு ஆழமான போர். 20 மி.மீ. பார், 110 வெளிய நீட்டியிருக்குது. உள்ள கோடு கோடா விழுது. அவ்வளவுதாங்க. அடுத்து நீங்க.

நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு சொல் போகும். நம் சொற்கள் நீளம். "கேட்டுக்கறோம்" என்பதற்குள் ஒரு வாக்கியமே அடங்கியிருக்கிறது. ஆங்கிலக் கணக்கை வைத்து நிமிடத்துக்கு 130 சொல் என்று எழுதினால் நான்கு நிமிட உரை ஆறு நிமிடம் ஆகிவிடும். முதல் வரைவு நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். நின்றுகொண்டு, வாய்விட்டு, நிறுத்தங்களோடு படித்து மூன்று முறை நேரம் பார்த்தால்தான் கணக்கு சரியாகும். மனதுக்குள் படித்தால் எப்போதும் குறைவாகவே காட்டும்.

உரைக்குத் தாள்தான் நல்லது. போன் திரை நடுவில் அணைந்துவிடும், அதைத் தட்டி எழுப்பும்போது கண் கூட்டத்தை விட்டு விலகும். ஏ4 தாளைப் பாதியாக மடித்து, பெரிய எழுத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று எழுத வேண்டும். முழு உரையும் அதில் வேண்டாம். முதல் இரண்டு வரி, டிராயிங் வரி, வேலை பற்றிய வரி, கடைசிக் கேள்வி ஆகியவை மட்டும் சொல்லுக்குச் சொல் இருக்கட்டும். அவற்றில்தான் ஒரு சொல் மாறினால் பொருள் மாறும். மற்றவற்றுக்கு ஒரு குறிப்புச் சொல் போதும்.

அழைப்பில் 10 மணி என்று போட்டுவிட்டு 10 மணிக்கு உரையைத் தொடங்கினால் பாதி அறை காலியாக இருக்கும். வந்தவர்களைக் காக்க வைத்து 10:30-க்குத் தொடங்கினால் நேரத்துக்கு வந்தவர்களுக்குத் தண்டனை. அதனால் அழைப்பிலேயே இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும்: 10:00 டீ, 10:20 தொடக்கம். டீ நேரத்தில் வரவேற்பவர் வாசலருகே நின்று ஒவ்வொருவரிடமும் பேரும் மெஷினும் கேட்டுக்கொள்ளலாம். உரையில் சில முகங்களைப் பார்த்துப் பேச அது உதவும்.

நாற்காலிகளை ப வடிவில் போடுங்கள். வரிசையாகப் போட்டால் முன்வரிசை காலியாகவும் பின்வரிசை நிரம்பியும் இருக்கும், வட்டமாகப் பேச முடியாது. முப்பது பேருக்கு மைக் தேவையில்லை. மைக் இருந்தால் அடுத்தவருக்குக் கை மாற்ற வேண்டும், கையில் வாங்கியதும் பலருக்கு மேடைத் தமிழ் வந்துவிடும். தொந்தரவு ஃபேன் சத்தம்தான். உரை நடக்கும் நேரம் மட்டும் பேசுபவர் தலைக்கு மேலே ஓடும் ஃபேனை இரண்டு புள்ளி குறைத்தால் போதும். பின்மூலையில் ஒருவரை உட்கார வைத்து முன்கூட்டியே கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பெயர் ஒட்டியில் பெயரும் கன்ட்ரோலும் மட்டும். பதவி வேண்டாம். வெறும் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். இருபது வருஷம் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட நம் ஊர்ப் பையனுக்கு நா எழாது. அவர் வாயிலிருந்து "அண்ணா" என்று வரட்டும், பட்டறையிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார். வரவேற்பவர் மட்டும் எல்லாரிடமும், ஆறு மாத ஆபரேட்டரிடமும், "ங்க" போட்டே பேச வேண்டும். வந்திருப்பவர்களில் இரண்டு மூன்று பேர் பெண்களாக இருக்கலாம். "பெண்களும் வந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி" என்று சொல்லவே கூடாது. நல்ல மனதோடு சொன்னாலும், 28 தலைகளும் அவர்கள் பக்கம் திரும்பும். அவர் ப்ரோகிராமராக வந்திருக்கிறார், அப்படியே இருக்கட்டும்.

இனி, ஒவ்வொருவராகப் பேசும் வட்டம். ஆளுக்கு 40 விநாடி என்றால் 28 பேருக்கு 19 நிமிடத்துக்குள் முடியும். ஒன்றரை நிமிடம் ஆனால் 42 நிமிடம். அதாவது இரண்டு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டு பேர் பேசிய நீளத்தைத்தான் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். வரவேற்பவர் தன் பங்கை 25 விநாடியில் முடிக்க வேண்டும். அவருக்கு இடப்பக்கம் உட்காருபவர், சுருக்கமாகப் பேசுவார் என்று தெரிந்த, முன்கூட்டியே சொல்லிவைத்த ஒருவராக இருக்க வேண்டும். மரியாதை கருதி மூத்தவரிடமிருந்தோ முதலாளியிடமிருந்தோ தொடங்கினால் அவர் ஐந்து நிமிடம் அனுபவம் சொல்வார், அடுத்த இளைஞர் "எனக்கு ஒண்ணும் பெருசா இல்லைங்க" என்று உட்கார்ந்துவிடுவார். மூத்தவருக்கு ப வடிவின் நடுவில் இடம் போட்டால் முறை வரும்போது அவரும் அளவைப் புரிந்துகொண்டிருப்பார்.

"எந்த கம்பெனி" என்பதற்குப் பதில் "எந்த மெஷின்" என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. கம்பெனிப் பெயர் சொன்னால் பெரிய கம்பெனி, சின்னப் பட்டறை என்று வரிசை உண்டாகும். மெஷினைச் சொன்னால், அதே மெஷின் வைத்திருக்கும் இன்னொருவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். இடைவேளையில் யார் யாரிடம் போய்ப் பேசப் போகிறார்கள் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. வரவேற்பவர் சொன்ன போரிங் பிரச்சனைக்கு அறையில் பலருக்கு விடை தெரியும். துளைக்குள் குடையும் டூலைத் தாங்கும் பார் ஸ்டீல் என்றால் அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்கு வரைதான் நீட்டலாம், இது ஐந்தரை மடங்கு, கார்பைடு பார் போடுங்கள் என்று உடனே ஒரு குரல் வரும். இன்னொருவர் டூல் முனையின் வளைவை, அதாவது நோஸ் ரேடியஸைக் குறைக்கச் சொல்வார். கூட்டம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது, ஆனால் அப்போதே விட்டால் வட்டம் அங்கேயே நின்று கடைசிப் பத்துப் பேருக்கு முறை வராது. "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்வது பதில் சொன்னவரை உட்கார வைத்துவிடும். அதற்குப் பதில், பேச ஆரம்பிக்கும் முன்பே ஒருவர் பலகையருகே மார்க்கரோடு நிற்க வேண்டும். பிரச்சனையை மூன்று சொல்லில் எழுதி, அதன் பக்கத்தில் விடை சொல்ல வந்தவரின் பெயரைப் போட வேண்டும்: "304 போர், கோடு" என்று எழுதி, எதிரே அவர் பெயர். தன் பெயர் பலகையில் ஏறிவிட்டதால் அவர் காத்திருப்பார். வட்டம் முடியும்போது மீதி நேரத்துக்கு என்ன பேசுவது என்ற பட்டியல் தானாகவே பலகையில் இருக்கும்.

உரை பிடித்ததா என்று தெரிந்துகொள்ள இரண்டு இடங்களைப் பாருங்கள். X50 வரியில் சிரிப்பு வராவிட்டால், வந்திருப்பவர்களில் மெஷின் பக்கம் போகாதவர்கள் அதிகம் என்று பொருள். அப்போது "இந்த மாசம் படுத்தின வேலை" என்ற கேள்வியை "எது தெரிஞ்சுக்க வந்தீங்க" என்று அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். வட்டத்தில் ஐந்தாவது, ஆறாவது ஆள் பேசும்போது பிரச்சனையைச் சொல்லாமல் பதவியையும் அனுபவ வருஷத்தையும் சொல்லத் தொடங்கினால், கேள்வி மறந்துபோயிருக்கிறது. அவரை இடைமறிக்காமல், அடுத்தவரிடம் திரும்பி "உங்களை எந்த வேலைங்க படுத்துச்சு?" என்று மறுபடி கேட்டால் தடம் சரியாகிவிடும்.

கையிலிருந்த தாளைத் தூக்கிப் போட வேண்டாம். தடுமாறிய இடத்தையும், யாரோ கேள்வி கேட்ட இடத்தையும் அன்றைக்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சந்திப்புக்கு ஒன்றரை நிமிடம் போதும். சங்கம் இல்லை, சந்தா இல்லை என்ற வரி தேவைப்படாது, X50 வரியும் மறுபடி எடுபடாது. நைட் ஷிஃப்ட் வரி, டிராயிங் வரி, வேலை பற்றிய வரி மூன்றும் அப்படியே வர வேண்டும், ஏனென்றால் அன்றைக்கும் ஏழெட்டுப் பேர் புதிதாக வந்து நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள்.